வாசற்கதவுக்கு எந்தப் பூச்சு?

உங்கள் தெருவில் உள்ள வீடுகளின் வாசற்கதவுகளை ஒரு நாள் நின்று கவனித்துப் பாருங்கள். புதுமனை புகுவிழாவின்போது கண்ணாடிபோல் மின்னிய தேக்குக் கதவு, இரண்டு மழைக்காலம் கழிந்ததும் எப்படி இருக்கிறது? மேல்பாதி ஓரளவு பளபளப்பாக இருக்கும். நிலைக்கு மேலே நீண்டிருக்கும் சன்ஷேடின் நிழல் அதைக் காத்திருக்கிறது. கீழே வர வர மினுமினுப்புக் குறைந்து, முழங்கால் உயரத்துக்குக் கீழே பூச்சு செதில் செதிலாக உரிந்து நிற்கும். உரிந்த இடத்தில் மரம் சாம்பல் நிறமாகவோ கறுத்தோ காணப்படும்.

வீட்டுக்காரர் கடைக்குப் போனால் அங்கே மூன்று வகையான பொருள்கள் அவருக்குக் காட்டப்படுகின்றன. ஒன்று வார்னிஷ். இன்னொன்று லாக்கர். மூன்றாவது மரத்துக்குள் ஊறிச் செல்லும் எண்ணெய். மூன்றுமே நிறமற்ற அல்லது தேன் நிறத் திரவங்கள்தாம். தகர டப்பாவைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பூசியபின் அவை மரத்தின்மீது நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. எதை எங்கே பூசலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் வெயிலும் மழையும் மரத்தை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

மரம் என்பது நுண்ணிய குழாய்களை நெருக்கமாக அடுக்கிக் கட்டிய கட்டு போன்றது. குழாய்களின் சுவர்களுக்கு வலிமை தருவது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களைச் செல்லுலோஸ் அதிகமாகக் கவர்வதில்லை, லிக்னின்தான் விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய ஆற்றல் அதன் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் நீரில் கரையக்கூடியவை. அடுத்து வரும் மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. பசை போய்விட்டதால் மேற்பரப்பில் வெறும் நார்கள் வெளுத்து நிற்கின்றன. நாம் காணும் சாம்பல் நிறம் இதுதான். அதனுடன் பூஞ்சையும் சேர்ந்தால் கறுப்புப் புள்ளிகள் தோன்றும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. புறஊதாக் கதிர்கள் மரத்துக்குள் மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் புகுவதில்லை. எனவே நரைத்த மரம் உளுத்த மரம் அல்ல. பூச்சே இல்லாத பைன் போன்ற மென்மரங்கள்கூட வெயிலிலும் மழையிலும் கிடந்தால், 100 ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மி.மீ. தடிமன் மட்டுமே தேய்வதாக அமெரிக்க வன உற்பத்திப் பொருள் ஆய்வுக்கூடம் கணக்கிட்டிருக்கிறது. தேக்கு இன்னும் உறுதியானது. மியான்மரின் அமரபுரத்தில் 1850-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட ஊ பெய்ன் பாலம் தேக்கு மரத்தால் ஆனது. வார்னிஷ் எதுவும் இல்லாமல் ஏரி நீரின் மேல் இன்றும் நிற்கிறது. சில தூண்களை மாற்ற வேண்டி வந்தது உண்மைதான். ஆனாலும் அதன் பழைய மரங்கள் நரைத்துப் போயிருக்கின்றனவே தவிர, நொறுங்கிப் போகவில்லை.

அப்படியானால் தேக்குக் கதவுக்குப் பூச்சு எதற்கு? அழகு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர்.

மழை செய்யும் வேலை

மரம் ஈரத்தை வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். குறுக்கு வாக்கில்தான் மாற்றம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கதவின் நடுப்பலகை 40 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதன் ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் 10 சதவீதமாக இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அது 16 சதவீதமாக உயர்கிறது. ஈரம் 1 சதவீதம் கூடினால், மரத்தின் வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு சுமார் 0.19 சதவீதம் விரியும். ஆகவே 6 சதவீத உயர்வுக்கு 1.1 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக விரிகிறது. 400 மி.மீ. பலகையில் இது ஏறக்குறைய 4.5 மி.மீ.

மழைக்காலத்தில் கதவு நிலையோடு உரசிக்கொண்டு திறக்க மறுப்பதன் காரணம் இதுதான். தச்சர் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல், சற்று இடம்விட்டுச் செருகுவதும் இதற்காகத்தான். பசை போட்டு இறுக்கினால் பலகைக்கு நகர இடமில்லாமல் பிளந்துவிடும்.

இப்போது இந்தப் பலகையின்மீதும் சட்டத்தின்மீதும் சேர்த்து, ஒரே தோலாக ஒரு பூச்சைப் படரவிட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பலகை ஆண்டுதோறும் 4 மி.மீ. வந்து போகிறது. தோலும் அதனோடு நீண்டு சுருங்க வேண்டும். முடியாவிட்டால் பலகையும் சட்டமும் சேரும் மூட்டில் மயிரிழைபோல் ஒரு விரிசல் விழும். அந்த விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகும். ஆனால் எளிதில் வெளியே வராது. தோலுக்கு அடியில் ஈரம் தங்கிவிடுகிறது. வெளிப்புறக் கதவின் பூச்சு கெடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

லாக்கர்: காய்கிறது, ஆனால் மாறுவதில்லை

மூன்றில் முதலில் விலக்கிவிட வேண்டியது லாக்கர். அதனால் அதையே முதலில் பார்ப்போம். இந்தப் பெயர் நம் நாட்டு அரக்கிலிருந்து வந்தது. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினை எடுத்துத் தூய்மையாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்ப்பதைத்தான் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். இன்று கடையில் லாக்கர் என்று விற்பது பெரும்பாலும் என்.சி. லாக்கர். பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைத் தின்னரில் கரைத்தது அது.

இரண்டும் காயும் முறை ஒன்றே. கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. கரைந்திருந்த பொருள் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. வேதி மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஒரே நாளில் நாலைந்து கை பூசலாம். 1920-களில் மோட்டார்க் கார் தொழிற்சாலைகள் இதை ஆவலோடு ஏற்றுக்கொண்டதற்கு இந்த வேகமே காரணம். அதுவரை ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆனால் கார் உலோகம். அது மழையில் உப்புவதில்லை. அதில் பூசிய லாக்கரில் நிறப்பொடியும் கலந்திருந்தது. மரக்கதவில் பூசும் தெளிந்த லாக்கர் கடினமானது. நொறுங்கும் தன்மை உடையது. 4 மி.மீ. நகரும் பலகையோடு அதனால் நகர முடியாது. வெயில் பட்டு மஞ்சளித்து, சிலந்தி வலைபோல் விரிசல் விடும். அரக்குப் பாலிஷோ மழைத்துளி சற்று நேரம் நின்றாலே வெளுத்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கும் மேசைக்கும் இவை நல்லவை. கதவின் உட்புறத்துக்கும் பூசலாம். வெளிப்புறத்துக்குக் கூடாது.

ஜப்பானிலும் சீனாவிலும் பாத்திரங்களுக்குப் பூசும் லாக்கர் இதுவல்ல. அது ஒரு மரத்தின் பால். ஈரக்காற்றில்தான் அது இறுகும் என்பது விந்தை. நீருக்கும் அமிலத்துக்கும் அசையாத அந்தப் பூச்சுகூட வெயிலுக்குத் தாங்காமல் மங்கிவிடுகிறது.

எண்ணெய் காய்வது எப்படி?

வார்னிஷைப் புரிந்துகொள்ள எண்ணெயைப் புரிந்துகொள்வது நல்லது. மூன்று கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேங்காய் எண்ணெய், இரண்டாவதில் நல்லெண்ணெய், மூன்றாவதில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெல்லியதாகப் பரப்புங்கள். தூசி படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து நாள்தோறும் தொட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் என்றும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் பல நாட்கள் சென்றபின் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஒரு வாரம், பத்து நாட்களில் கையில் ஒட்டாத தோலாகிவிடும். தின்னர் ஊற்றித் தேய்த்தாலும் அந்தத் தோல் மறுபடி எண்ணெயாக மாறாது.

இங்கே ஆவியாகிப் போவதற்குக் கரைப்பான் எதுவும் இல்லை. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. ஆக்சிஜனின் உதவியால் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் அந்த இடங்களில் கைகோத்துக்கொண்டு, பெரிய வலைபோல் ஆகின்றன. தேங்காய் எண்ணெயில் இத்தகைய பிணைப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அது காய்வதில்லை. கடையில் டபுள் பாய்ல்டு லின்சீட் ஆயில் என்று விற்பது, இந்த வினையை விரைவுபடுத்தும் உலோக உப்புகள் சிறிதளவு சேர்த்த ஆளிவிதை எண்ணெய். பச்சை எண்ணெய்க்குத் தேவைப்படும் ஒரு வாரத்துக்குப் பதிலாக அது ஒன்றிரண்டு நாட்களில் காயும்.

இத்தகைய எண்ணெயைக் கதவில் பூசினால் அது மேலே தங்காமல் நுண்குழாய்களுக்குள் ஊறிச் சென்று அங்கேயே இறுகுகிறது. மேலே தோல் இல்லாததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. இதுதான் எண்ணெய்ப் பூச்சின் பெரும் பலம். அதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. மெல்லிய காப்பு என்பதால், வெயிலில் நிற்கும் கதவில் அது ஓராண்டுக்குள் தேய்ந்துவிடும். தவிர, வெறும் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல உணவு. சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊரில், வெளிக்கதவுக்கு அதைத் தனியாகப் பூசினால் கறுப்புப் புள்ளி விழும். பூஞ்சைத் தடுப்பு மருந்தும் சிறிது நிறப்பொடியும் கலந்து, வெளிப்புற மரத்துக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குவதே சரி.

நிறப்பொடி எதற்கு? அதுதான் மரத்துக்குக் குடை. நம் காவிக்கல்லில் உள்ள அதே இரும்பு ஆக்சைடை மிக நுண்ணிய பொடியாக்கிக் கலக்கிறார்கள். அது புறஊதாக் கதிர்களை வழியிலேயே தடுத்துவிடுகிறது. மரத்தின் ரேகை தெரியும். நிறம் மட்டும் சற்றுச் சிவக்கும். முற்றிலும் நிறமற்ற எண்ணெய்க்கு இந்தக் குடை இல்லை.

வார்னிஷும் அதன் ஏமாற்றும்

மேற்சொன்ன காயும் எண்ணெயையும் பிசினையும் சேர்த்துக் காய்ச்சி, டர்பன்டைனில் இளக்கினால் அது வார்னிஷ். எண்ணெய் நெகிழ்ச்சி தருகிறது. பிசின் கடினமும் பளபளப்பும் தருகிறது. எண்ணெயின் பங்கு குறைந்தால் மேசைக்கு ஏற்ற கெட்டியான வார்னிஷ். எண்ணெயின் பங்கு கூடினால் வெளியிடத்துக்கு ஏற்ற, வளைந்துகொடுக்கும் வார்னிஷ். பாய்மரக் கப்பல்களின் கொடிமரங்களுக்குப் பூசி வந்தது இந்த இரண்டாவது வகையைத்தான். காற்றில் வளையும் மரத்தில் கெட்டியான பூச்சு நிற்காது அல்லவா? வெளிக்கதவுக்கு வாங்கும்போதும் வெளிப்புற உபயோகத்துக்கானதா, புறஊதாத் தடுப்பு சேர்த்ததா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும்.

வார்னிஷ் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதையும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் சுமார் 12 சதுர மீட்டருக்கு ஒரு கை வரும். ஒரு லிட்டர் என்பது 1000 கன செ.மீ.; 12 சதுர மீட்டர் என்பது 1,20,000 சதுர செ.மீ. வகுத்தால் ஈரமான படலம் 0.083 மி.மீ. பாதி ஆவியாகிவிட்டால் மிஞ்சுவது 0.04 மி.மீ. நான்கு கை பூசினால் 0.16 மி.மீ. உங்கள் நோட்டுப்புத்தகத்தின் இரண்டு தாள்களின் தடிமன் அவ்வளவுதான்.

இனி அந்த ஏமாற்று. தெளிந்த வார்னிஷ் தண்ணீரை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் தெளிவாக இருப்பதனாலேயே ஒளியைத் தன் வழியே உள்ளே விடுகிறது. படலத்துக்குக் கீழே, மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னின் மெல்ல உடைகிறது. வார்னிஷ் பிடித்துக்கொண்டிருக்கும் தரையே அதன் காலடியில் பொடியாகிறது. வெளிப்பார்வைக்குப் பூச்சு நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் திடீரென்று உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். புறஊதாத் தடுப்பு மருந்து இந்த நாளைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் வெயிலில் அந்த மருந்தும் சிறுகச் சிறுகச் செலவாகிவிடும்.

உரிந்த செதில் ஒன்றைத் திருப்பி, கைக்கண்ணாடியால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரத்தின் நுண்ணிய நார்கள் அதில் ஒட்டியிருந்தால், வார்னிஷ் தன் பிடியை விடவில்லை. அடியில் மரமே வெயிலால் கெட்டுப் பெயர்ந்துவிட்டது என்று பொருள். அடிப்பக்கம் சுத்தமாக வழவழவென்று இருந்தால், தொடக்கத்திலேயே பிடிப்பு இல்லை. ஈரமான மரத்திலோ, எண்ணெய்ப் பசை உள்ள மரத்திலோ, முந்திய பூச்சைச் சரியாகத் தேய்க்காமலோ பூசியிருக்கிறார்கள். முதல் வகைக்கு நல்ல மரம் தெரியும்வரை தேய்த்தெடுத்தாக வேண்டும். நரைத்த நார்களின்மீது எவ்வளவு விலையுயர்ந்த வார்னிஷைப் பூசினாலும் அது அந்த நார்களோடு சேர்ந்தே மறுபடி உரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் கிழக்குப் பார்த்த வீடு. தேக்குக் கதவு, 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம். காலை வெயில் பத்து மணிவரை நேராக அடிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அதே பக்கத்திலிருந்து வருகிறது. சன்ஷேடு ஒன்றரை அடிதான். பழைய வீடுகளில் திண்ணையும் ஆழமான தாழ்வாரமும் கதவை ஏழெட்டு அடி உள்ளே தள்ளி வைத்திருந்தன. அந்தக் கதவுகள் மூன்று தலைமுறை நின்றதற்கு மரத்தைப் போலவே அந்த நிழலும் காரணம். இந்தக் கதவுக்கு அப்படிப்பட்ட நிழல் இல்லை.

லாக்கரை விலக்கிவிட்டோம். வார்னிஷா, எண்ணெயா? வார்னிஷ் பூசினால் முதல் ஆண்டு கதவு மிக அழகாக இருக்கும். ஆனால் ஆண்டுதோறும், பளபளப்பு குறையத் தொடங்கியதுமே, உரிவதற்கு முன்பே, 240 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து ஒரு கை புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை தவறி உரியத் தொடங்கிவிட்டால், முழுக் கதவையும் சுரண்டித் தேய்த்து நான்கு கை மறுபடி பூச வேண்டும். காயும் நேரத்தையும் சேர்த்தால் அது ஒரு வார வேலை. எண்ணெய்ப் பூச்சு தேய்ந்தால் செய்ய வேண்டியது, கதவைக் கழுவிக் காயவைத்து, லேசாகத் தேய்த்து, ஒரு கை எண்ணெய் ஊட்டித் துடைப்பது மட்டுமே. அரை நாளில் முடியும். ஓராண்டு மறந்துபோனாலும் கதவு நரைக்குமே தவிர உரியாது.

ஆகவே இந்தக் கதவின் வெளிப்புறத்துக்கு நிறப்பொடி கலந்த எண்ணெய்தான் ஏற்றது என்பது என் கருத்து. இதே கதவு ஆழமான போர்ட்டிகோவுக்குள் இருந்தால் வார்னிஷையே சொல்வேன். அங்கே நேர்வெயில் படாது. வார்னிஷ் நாலைந்து ஆண்டுகள் நிற்கும். பளபளப்பை விரும்பும் வீட்டாருக்கு எண்ணெய்ப் பூச்சின் மங்கல் பிடிக்காமல் போகலாம். பார்வைக்கு வந்த விருந்தாளி கதவுக்கு இன்னும் பாலிஷ் போடவில்லையா என்று கேட்கவும் கூடும். மரத்தின் ரேகையே தெரிய வேண்டாம் என்பவர்களுக்குச் சாதாரணப் பெயின்ட்டே எல்லாவற்றிலும் நல்ல காப்பு. அதில் நிறப்பொடி அதிகம். ஒளி மரத்தை எட்டவே எட்டாது.

பூசும் முறை

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச் மாதங்கள். மழையின் ஈரம் மரத்தை விட்டுப் போயிருக்கும். கத்தரி வெயில் வந்திருக்காது. முதலில் கதவில் ஏற்கனவே இருக்கும் பூச்சு என்னவென்று கண்டுபிடியுங்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து அழுத்துங்கள். பூச்சு கரைந்து பஞ்சு பழுப்பானால் அது அரக்குப் பாலிஷ். அதற்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் கரையாமல், சற்றுச் சுருங்கினாலும் தோலாகவே நின்றால் வார்னிஷ். ஆவியாகிக் காய்ந்தது மீண்டும் கரையும். வினைபுரிந்து இறுகியது கரையாது என்ற பாடத்தின் செய்முறையே இது. எதுவாக இருந்தாலும் அதை முழுவதும் எடுத்தாக வேண்டும். மேலே தோல் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது.

கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு முக்காலிகள்மீது படுக்க வையுங்கள். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120-இல் முடித்தால் போதும். மேசைபோல் மழமழப்பாக்க வேண்டாம். சற்றுச் சொரசொரப்பான மரம் எண்ணெயை அதிகம் குடிக்கும். எப்போதும் ரேகையோடு தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் கீறல்கள் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். தேக்கில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. கறையானை விரட்டும் அதே பொருள்கள் பூச்சு காய்வதையும் தாமதப்படுத்தும். அதனால் தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, அது உலர்ந்ததும் பூசத் தொடங்குங்கள். கதவும் சன்னலும் திறந்த இடத்தில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும்.

எல்லாரும் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அது கதவின் அடிவிளிம்பு. அங்கே சட்டங்களின் வெட்டுமுனை இருக்கிறது. நுண்குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும் இடம் அது. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அது நீரை உறிஞ்சும். வாசல் தெளிக்கும் தண்ணீரும் மழைச்சாரலும் அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. முழங்காலுக்குக் கீழே பூச்சு முதலில் கெடுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கழற்றிய கதவை நிமிர்த்தி, அடிவிளிம்பை மேலே வைத்து, எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருங்கள். இனி குடிக்காது என்று தெரியும்வரை ஊட்ட வேண்டும். மேல்விளிம்பையும் பூட்டுக்காக வெட்டிய துளையையும் மறக்கக் கூடாது. வார்னிஷ் பூசுபவர்களும் இவ்விடங்களில் டர்பன்டைனில் இளக்கிய வார்னிஷை இப்படியே ஊட்ட வேண்டும்.

அகன்ற பரப்பில் தூரிகையால் தாராளமாகப் பூசி, பதினைந்து, இருபது நிமிடம் விடுங்கள். ஊறாமல் மேலே நிற்பதைப் பருத்தித் துணியால் ஒட்டத் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்புதான் வேலையின் உயிர். துடைக்காமல் விட்டால் அது மேலே பிசுக்காகத் தங்கி, தெருப்புழுதியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரண்டாவது கை. தேவையானால் அதற்கடுத்த நாள் மூன்றாவது. கதவைக் கழற்ற முடியாமல் நின்ற நிலையிலேயே பூசுவதானால், கிழக்குப் பார்த்த கதவுக்குப் பிற்பகலில் பூசுங்கள். காலை வெயிலில் மரம் சூடேறும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும். பூச்சில் குமிழி எழும்பும். பிற்பகலில் மரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, எண்ணெயைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மறுபடி எப்போது பூசுவது? செப்டம்பரில், மழைக்கு முன், கதவின் கீழ்ப்பகுதியில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் துளித்துளியாக நின்றால் இன்னும் வேண்டியதில்லை. படர்ந்து, சில நிமிடங்களில் அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஊட்டினால் போதும்.

துடைத்த துணி

வேலை முடிந்ததும் எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனை ஏற்று இறுகும்போது எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுகிறது. கதவில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருட்டிய துணிக்குள் அது போக வழியின்றித் தேங்குகிறது. வெப்பம் ஏற ஏற வினையும் விரைகிறது. விரைந்தால் இன்னும் வெப்பம். சில மணி நேரத்தில், தீக்குச்சி எதுவும் இல்லாமலே, துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு 38 மாடிக் கட்டடத்தில் மூண்ட தீ இப்படித்தான் தொடங்கியது. மரவேலைப்பாடுகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளே அதற்குக் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் அதில் உயிரிழந்தனர்.

துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, வெட்டவெளியில் கொடியிலோ சிமென்ட் தரையிலோ, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயப் போடுங்கள். ஒன்றிரண்டு நாளில் அவை அட்டைபோல் விறைத்துவிடும். அதன் பிறகு குப்பையில் போடலாம். அன்றே போட வேண்டுமானால், மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி, அதில் முழுவதும் மூழ்கும்படி வைத்து மூடிவிடுங்கள்.